செயின் ரூலா, ப்ராடக்ட் ரூலா? பிளஸ் ஒன் டியூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“மிஸ், ரெண்டு ரூலும் மனப்பாடமா தெரியும். ஆனா கணக்கைப் பார்த்ததும் இதுக்கு எதுன்னு மட்டும் தெரியல.”

x-க்கு ஓர் எண்ணைப் போட்டு y-யின் மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டே போவீர்கள். அதில் கடைசியாகச் செய்யும் வேலை எதுவோ, அதுதான் எந்த விதி என்று சொல்லும். x உள்ள இரண்டு துண்டுகளைப் பெருக்குவது கடைசி வேலை என்றால் பெருக்கல் விதி, அதாவது நீங்கள் சொல்லும் ப்ராடக்ட் ரூல். கையில் மிஞ்சியிருக்கும் ஒரே எண்ணுக்கு sin எடுப்பதோ, அடுக்கு ஏற்றுவதோ, வர்க்கமூலம் காண்பதோ கடைசி வேலை என்றால் சங்கிலி விதி.

y = x² sin x என்று எடுத்துக்கொள்வோம். x = 2 போட்டால் முதலில் 2-இன் வர்க்கம் 4. அதைத் தனியாக வைத்துவிட்டு sin 2 கண்டுபிடிக்கிறோம். இப்போது கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன, இரண்டையும் பெருக்கினால் வேலை முடிந்தது. கடைசியில் பெருக்கினோம், அதனால் பெருக்கல் விதி.

y = sin(x²) என்றால் கதை வேறு. 2-இன் வர்க்கம் 4. அந்த 4-க்கு sin எடுத்தால் முடிந்துவிட்டது. எந்த நேரத்திலும் கையில் ஒரே எண்தான் இருந்தது. அந்த எண் ஒரு வாசலில் நுழைந்து அடுத்த வாசல் வழியாக வெளியே வந்தது. இது சங்கிலி விதி.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மாடியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது, பூக்கடையில் பொட்டலம் கட்டுவதை வைத்து இதைச் சொல்வேன். முதலில் பூப்பந்து, அதன் மேல் வாழை இலை, அதன் மேல் நார். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது கடைசியாகக் கட்டிய நாரைத்தான் முதலில் அவிழ்க்கிறோம். வகையிடுவதும் அப்படித்தான், கடைசி வேலையில் ஆரம்பித்து உள்ளே போக வேண்டும். கணக்கை இடமிருந்து வலமாகப் படித்து, கண்ணில் முதலில் பட்ட x²-ஐ உடனே 2x ஆக்கிவிடுகிற பழக்கத்தில்தான் முக்கால்வாசித் தவறு ஆரம்பிக்கிறது.

“sin 3x-ல sin-க்கும் 3x-க்கும் நடுவுல பெருக்கல்தானே இருக்கு? அப்ப uv மெத்தட் போடலாமே?”

இல்லை. 3-க்கும் x-க்கும் நடுவில் பெருக்கல் இருக்கிறது, sin-க்கும் 3x-க்கும் நடுவில் இல்லை. sin என்பது தனியாக ஓர் எண் அல்ல. மிக்ஸியை மாவோடு பெருக்க முடியுமா? மாவை மிக்ஸிக்குள் போடத்தான் முடியும்.

எழுதும் முறைதான் இந்தக் குழப்பத்தை உண்டாக்குகிறது. sin, log, e இவற்றுக்குப் பின்னால் வருவதை நாம் பல நேரம் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவிடுகிறோம். முதல் ஒரு மாதத்துக்கு sin 3x என்று எழுதாமல் sin(3x) என்றே எழுதுங்கள். sin(3x) · x² என்று புள்ளி வைத்து எழுதினால் பெருக்கல் எங்கே இருக்கிறது, நுழைப்பு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நோட்டில் இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

“x² sin x-க்கு ரெண்டையும் தனித்தனியா வகையிட்டு 2x cos x-ன்னு பெருக்கிட்டா என்ன தப்பு?”

இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675 நவம்பரில் எழுதிய குறிப்புகளிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது: பெருக்குத்தொகையின் வகையீடு, வகையீடுகளின் பெருக்குத்தொகைக்குச் சமமா? எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்த்து, இல்லை என்று கண்டுகொண்டு, அந்த மாதத்துக்குள்ளேயே சரியான விதிக்கு வந்துவிட்டார்.

ஏன் தவறு என்பதை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்று பார்ப்போம். ஒருவரிடம் 20 கிலோ மல்லி இருக்கிறது. காலை விலை கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேரம் ஏற ஏற விலை மணிக்கு 40 ரூபாய் இறங்குகிறது. ஈரம் வற்றி எடையும் மணிக்கு அரைக் கிலோ குறைகிறது. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, ஆனால் விலையும் எடையும் சேர்ந்து இறங்கும் கவலை பூ விற்கிற எல்லோருக்கும் உள்ளதுதான்.

மொத்த மதிப்பு = விலை × எடை. இப்போது மதிப்பு 16,000 ரூபாய். அது என்ன வேகத்தில் மாறுகிறது?

நீங்கள் சொன்ன வழியில் போட்டால் (−40) × (−0.5) = +20. விலையும் இறங்குகிறது, எடையும் குறைகிறது, ஆனால் பூவின் மதிப்பு மட்டும் ஏறுகிறதாம்! எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். அலகையும் பாருங்கள். மணிக்கு இத்தனை ரூபாய் என்று வர வேண்டிய விடை, மணியால் இரண்டு முறை வகுத்து வந்து நிற்கிறது.

சரியான வழியில், ஒன்று மாறும்போது மற்றொன்று இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை தருகிறோம். விலை இறங்கியதால் 20 கிலோவுக்கும் சேர்த்து இழப்பு 40 × 20 = 800. எடை குறைந்ததால் அரைக் கிலோவின் விலை 400 போகிறது. ஆக மணிக்கு 1200 ரூபாய் வேகத்தில் மதிப்பு இறங்குகிறது. நீங்கள் பாட்டு மாதிரிச் சொல்லும் “யூ வி டேஷ் ப்ளஸ் வி யூ டேஷ்” இதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் நிஜமாகவே போகட்டும். விலை 760, எடை 19.5, மதிப்பு 14,820. இறங்கியது 1180 ரூபாய், 1200 அல்ல. அந்த 20 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நீங்கள் பெருக்கி எடுத்த அதே +20. போன அரைக் கிலோவின் விலை இறக்கத்தையும் 800-இல் சேர்த்துக் கழித்துவிட்டோம், அது திரும்பி வருகிறது. ஆக அந்தப் பெருக்கல் முழுப் பொய் இல்லை, அது மூலையில் இருக்கும் ஒரு சின்னத் துண்டு. ஒரு மணிக்குப் பதில் ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள். இறக்கம் சுமார் 20 ரூபாய், மூலைத்துண்டு அரைப் பைசாவுக்குச் சற்றே மேல். நேரத்தைக் குறைக்கக் குறைக்க அந்தத் துண்டு மற்ற இரண்டைவிட வேகமாகக் கரைந்துபோகிறது. வகைக்கெழு என்பது அந்த எல்லையில் கிடைப்பது, அதனால்தான் அது விதிக்குள் வருவதே இல்லை.

“அப்ப செயின் ரூல்ல மட்டும் ஏன் பெருக்குறோம்? அங்க கூட்டல் ஏன் இல்ல?”

ஒரு தாருக்கு 10 சீப்பு, ஒரு சீப்புக்கு 15 பழம் என்றால் ஒரு தாருக்கு எத்தனை பழம்? யோசிக்காமலே 150 என்பீர்கள். 10-ஐயும் 15-ஐயும் யாரும் கூட்டுவதில்லை. ஒரு வீதத்தின் மேல் இன்னொரு வீதம் ஏறும்போது பெருக்கல்தான். சங்கிலி விதியில் x கொஞ்சம் அசைந்தால் உள்சார்பு அதைப்போல் இத்தனை மடங்கு அசைகிறது, உள்சார்பு அசைந்தால் வெளிச்சார்பு அதைப்போல் இத்தனை மடங்கு அசைகிறது. மடங்கின் மேல் மடங்கு.

ஆனால் வாழைத்தாரில் மறைந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. அதில்தான் மதிப்பெண் போகிறது. எல்லாச் சீப்பிலும் 15 பழம் என்று நான் சொல்லிவிட்டேன். உண்மையில் மேல் சீப்பு வேறு, அடிச் சீப்பு வேறு. வெளிச்சார்பின் வீதம், உள்சார்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் ஒரு நாளில் ஓர் அடி ஏறியது என்றால் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும்? மட்டம் 30 அடியில் இருக்கும்போது ஏறிய ஓர் அடியும், 65 அடியில் இருக்கும்போது ஏறிய ஓர் அடியும் ஒன்றல்ல. மேலே போகப் போக நீர்ப்பரப்பு அகலும், ஆகவே அதே ஓர் அடிக்கு அதிகத் தண்ணீர் வேண்டும். கொள்ளளவு V, மட்டம் h, நேரம் t என்றால்

```
dV/dt = (dV/dh) · (dh/dt)
```

இதில் dV/dh என்பது இன்றைய மட்டத்தில் இருக்கும் நீர்ப்பரப்பின் அளவு. இன்றைய மட்டத்தில் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறும் வேகத்தை வைத்துப் பரப்பைக் கண்டுபிடிக்க யாரும் போக மாட்டார்கள்.

இனி sin(x²)-க்கு வாருங்கள். இதன் வகைக்கெழு cos(x²) · 2x. பலர் எழுதுவது cos(2x). அதாவது வெளியே இருக்கும் sin-ஐயும் வகையிட்டு, அதன் உள்ளே இருப்பதையும் அங்கேயே வகையிட்டுவிடுகிறார்கள். மட்டம் ஏறும் வேகத்தில் அணையின் பரப்பை அளப்பது போன்ற தவறு இது. வெளிச்சார்பை வகையிடும்போது உள்ளே இருப்பதை விரலால் மூடிக்கொள்ளுங்கள், அதைத் தொடக் கூடாது. cos(மூடியது). பிறகு விரலை எடுத்து, உள்ளே இருப்பதன் வகைக்கெழுவைப் பக்கத்தில் பெருக்குங்கள்.

“ஒரே கணக்குல ரெண்டும் வந்தா எதை முதல்ல போடணும்?”

கடைசி வேலை எதுவோ அதை. மிச்சம் தானாக உள்ளே வரும். ஒரு கணக்கை முழுதாகவே போடுவோம்.

y = x²(3x + 1)⁴

x = 1 போட்டுப் பார்க்கிறோம். x² = 1, தனியாக வைத்தாயிற்று. 3x + 1 = 4, அதன் நான்காம் அடுக்கு 256. கடைசியாக 1-ஐயும் 256-ஐயும் பெருக்கினோம். ஆக முதலில் பெருக்கல் விதி. u = x², v = (3x + 1)⁴ என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

u′ = 2x. அதில் சிக்கல் இல்லை.

v′-க்கு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறோம், இந்த முறை v-க்கு மட்டும். v-யைக் கணக்கிடக் கடைசியாகச் செய்தது நான்காம் அடுக்கு ஏற்றியது. ஆகவே இங்கே சங்கிலி விதி: v′ = 4(3x + 1)³ · 3 = 12(3x + 1)³.

இரண்டையும் விதியில் வைத்தால்

```
y′ = 2x(3x + 1)⁴ + x² · 12(3x + 1)³
   = 2x(3x + 1)³ [(3x + 1) + 6x]
   = 2x(3x + 1)³ (9x + 1)
```

சங்கிலி விதி v′-க்குள் மட்டும் வேலை செய்திருக்கிறது. அந்த 3 முதல் உறுப்பில் வரவே இல்லை, கவனித்தீர்களா? சிலர் கடைசியில் நினைவு வந்து முழு விடையையும் 3-ஆல் பெருக்கிவிடுவார்கள். v′ என்று தனி வரி எழுதுகிறவர்களுக்கு இந்தத் தவறு வராது. மனதுக்குள்ளேயே போடுகிறவர்களுக்குத்தான் வரும்.

இதையே கொஞ்சம் மாற்றி y = [x²(3x + 1)]⁴ என்று தந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். இப்போது கடைசி வேலை நான்காம் அடுக்கு. சங்கிலி விதிதான் முதலில், பெருக்கல் உள்ளே போய்விடுகிறது. உள்ளே இருப்பது 3x³ + x² என்று விரிந்துவிடுவதால் அங்கே பெருக்கல் விதியே தேவைப்படாது, 9x² + 2x என்று நேராக எழுதலாம். விடை 4[x²(3x + 1)]³ (9x² + 2x). ஒரே எழுத்துகள், ஒரே எண்கள். அந்த ஓர் அடைப்புக்குறி மட்டும்தான் வித்தியாசம்.

“போட்ட விடை சரியான்னு புத்தகத்தைப் பார்க்காம எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

x-க்கு ஒரு சின்ன எண்ணை வைத்து, அதிலிருந்து துளி நகர்த்திப் பாருங்கள். மேலே போட்ட கணக்கில் x = 1 வைத்தால் நம் விடை 2 × 64 × 10 = 1280 என்கிறது. இப்போது கால்குலேட்டரில் y-யை இரண்டு இடத்தில் கணக்கிடுங்கள். x = 1 என்றால் 256. x = 1.001 என்றால் 257.2827. வித்தியாசம் 1.2827, அதை 0.001-ஆல் வகுத்தால் சுமார் 1282.7. நம் 1280-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நகர்வு துளியாக இருந்தாலும் பூஜ்யம் இல்லையே, அதனால்தான் கொஞ்சம் கூடுதல்.

தவறாகப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் பாருங்கள். உள்ளே இருக்கும் 3-ஐ மறந்திருந்தால் 768. u′-ஐயும் v′-ஐயும் வெறுமனே பெருக்கியிருந்தால் 1536. கடைசியில் முழுவதையும் 3-ஆல் பெருக்கியிருந்தால் 2304. எதுவும் 1282-க்குப் பக்கத்தில் கூட இல்லை. அதனால் இந்தச் சோதனை விடை தவறு என்று மட்டும் சொல்வதில்லை, எந்தத் தவறு என்பதையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

x = 0 மட்டும் வைக்காதீர்கள். இந்தக் கணக்கிலேயே x = 0 என்றால் சரியான விடையும் பூஜ்யம், தவறான விடைகளும் பூஜ்யம்.

“sin²x, sin x², இது ரெண்டும் எனக்கு ஒண்ணு மாதிரியேதான் தெரியுது.”

sin²x என்பது (sin x)² என்பதன் சுருக்கெழுத்து. முதலில் sin, கடைசியில் வர்க்கம். கடைசி வேலை வர்க்கம் என்பதால் அதை முதலில் பிரித்து 2 sin x, பிறகு உள்ளே இருக்கும் sin x-க்கு cos x. விடை 2 sin x cos x.

sin x² என்றால் sin(x²). முதலில் வர்க்கம், கடைசியில் sin. விடை 2x cos(x²).

இரண்டுக்கும் சங்கிலி விதிதான், ஆனால் வரிசை மாறிவிட்டது. sin²x-ஐ sin x · sin x என்று எழுதிப் பெருக்கல் விதியிலும் போடலாம்: sin x cos x + sin x cos x, அதே விடை. ஒரே கணக்கை இரண்டு கண்ணால் பார்க்க முடிந்தால் இரண்டு விதியும் சரியாகப் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

“5 sin x-லயும் பெருக்கல் இருக்கே, அதுக்கும் uv போடணுமா?”

வேண்டாம். 5-இல் x இல்லை. போட்டாலும் தவறில்லை, 5-இன் வகைக்கெழு பூஜ்யம் என்பதால் ஓர் உறுப்பு தானே விழுந்துவிடும். e³ x² மாதிரி வந்தாலும் இதேதான், e³ என்பது வெறும் எண். அதைச் சார்பு என்று நினைத்து வகையிடத் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

“மூணு சார்பு சேர்ந்து பெருக்கல்ல வந்தா?”

ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. x eˣ sin x என்றால் eˣ sin x + x eˣ sin x + x eˣ cos x. ஒருவர் மாறும்போது மற்ற இருவரும் அப்படியே இருப்பார்கள்.

“வகுத்தல் வந்தா அதுக்குத் தனி ஃபார்முலா இருக்கே, அது மறந்துபோச்சுன்னா?”

கீழே இருப்பதை −1 அடுக்காக மேலே கொண்டுவந்துவிடுங்கள். sin x / (x² + 1) என்பதை sin x · (x² + 1)⁻¹ என்று எழுதினால் கடைசி வேலை பெருக்கல், இரண்டாவது துண்டுக்குச் சங்கிலி விதி. cos x (x² + 1)⁻¹ − sin x · 2x (x² + 1)⁻² என்று வரும். பொதுப் பகுதி எடுத்துச் சுருக்கினால் நீங்கள் மறந்துபோன அந்த வகுத்தல் விதியின் வடிவம் அப்படியே வந்து நிற்கும். அதில் வருகிற கழித்தல் குறி வேறெங்கிருந்தும் வரவில்லை, அந்த −1 அடுக்கு இறங்கி வந்ததுதான். எது முதலில், எது கழிக்கப்படுவது என்று குழம்புகிறவர்களுக்கு இது நல்ல பிடி.

“sin x-ஓட வகைக்கெழு cos x-ன்னு படிச்சோம். கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தா வரவே மாட்டேங்குது, ஏன்?”

உங்கள் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. sin x-இன் வகைக்கெழு cos x என்பது x ரேடியனில் இருந்தால் மட்டுமே உண்மை. டிகிரி என்பது மறைந்து உட்கார்ந்திருக்கும் ஓர் உள்சார்பு. sin x° என்றால் sin(πx/180). கடைசி வேலை sin, அதற்கு உள்ளே πx/180. ஆகச் சங்கிலி விதிப்படி வகைக்கெழு (π/180) cos x°.

π/180 என்பது சுமார் 0.01745. டிகிரியில் வைத்துக்கொண்டு sin 1° போட்டுப் பாருங்கள், 0.01745 என்றுதான் காட்டும். பூஜ்யத்திலிருந்து ஒரு டிகிரி நகர்ந்ததற்கு சைன் அவ்வளவுதான் ஏறியது. ரேடியனுக்கு மாற்றி sin 0.001 போட்டால் 0.001. அங்கே ஏற்றம் ஒன்றுக்கு ஒன்று. மேலே சொன்ன சோதனையைச் செய்கிறவர்கள் முதலில் ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சரியான விடையைத் தவறு என்று அடித்துவிடுவீர்கள்.

“xˣ-க்கு எந்த ரூல்?”

நேராக எதுவும் பொருந்தாது. அடுக்கிலும் x, அடியிலும் x. அடுக்கு விதியைப் போட்டு x · xˣ⁻¹ என்று எழுதுவது தவறு, ஏனென்றால் அந்த விதிக்கு அடுக்கு மாறாத எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் log எடுங்கள். இங்கே log என்பது e அடிமானத்துக்கு. log y = x log x. இடப்பக்கம் y-க்குள் x ஒளிந்திருப்பதால் சங்கிலி விதி: y′/y. வலப்பக்கம் கடைசி வேலை பெருக்கல்: log x + 1. விடை y′ = xˣ(1 + log x).

“வீட்ல போட்டுப் பார்க்க கணக்கு குடுங்க மிஸ்.”

எட்டு போதும். முதல் சுற்றில் வகையிடவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடைசி வேலை என்ன என்பதை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். எட்டும் சரியாக வந்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

```
1.  x³ eˣ
2.  e^(x³)
3.  √(x² + 9)
4.  x √(x² + 9)
5.  log(x sin x)
6.  e^(2x) sin 3x
7.  sin³(2x + 5)
8.  sin x cos x
```

முதல் கணக்கில் கடைசி வேலை பெருக்கல், விடை x² eˣ (x + 3). இரண்டாவதில் கடைசி வேலை e-யின் அடுக்காக ஏற்றுவது, விடை 3x² e^(x³). இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. x³-உம் e-யும் இரண்டிலும் உண்டு, உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

மூன்றாவதில் கடைசி வேலை வர்க்கமூலம், விடை x/√(x² + 9). நான்காவதில் கடைசி வேலை பெருக்கல், மூன்றாவதன் விடை அதற்குள் அப்படியே பயன்படும்: √(x² + 9) + x · x/√(x² + 9). சுருக்கினால் (2x² + 9)/√(x² + 9). x = 4 வைத்தால் வர்க்கமூலம் சுத்தமாக 5 வரும். மூன்றாவதற்கு 0.8, நான்காவதற்கு 8.2 வந்தால் சரி.

ஐந்தாவதில் கடைசி வேலை log, உள்ளே பெருக்கல். (sin x + x cos x)/(x sin x). ஆனால் வகையிடும் முன்பே log x + log sin x என்று பிரித்திருந்தால் 1/x + cot x என்று இரண்டே வரியில் முடிந்திருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். log வந்தால் முதலில் பிரித்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

ஆறாவதில் கடைசி வேலை பெருக்கல், இரண்டு துண்டுக்கும் தனித்தனிச் சங்கிலி: e^(2x)(2 sin 3x + 3 cos 3x). 2 எந்தத் துண்டிலிருந்து வந்தது, 3 எதிலிருந்து வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஏழாவதில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வேலை இருக்கிறது. கடைசி வேலை மூன்றாம் அடுக்கு, அதற்கு உள்ளே sin, அதற்கும் உள்ளே 2x + 5. விடை 3 sin²(2x + 5) · cos(2x + 5) · 2, அதாவது 6 sin²(2x + 5) cos(2x + 5). இதில் cos-ஐ மறக்கிறவர்கள் அதிகம், 2-ஐ மறக்கிறவர்கள் அதைவிட அதிகம்.

எட்டாவதைப் பெருக்கல் விதியில் போட்டால் cos²x − sin²x. அதையே முதலில் (1/2) sin 2x என்று மாற்றிக்கொண்டால் சங்கிலி விதியில் cos 2x. இரண்டும் ஒன்றுதான் என்பதைப் பதினோராம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள்.